ரைஸ் மில்லு ஊறத்தண்ணிக்கு என்ன விலை போடணும்?

டெல்டா பக்கம் புழுங்கல் அரிசி மில்லுங்களுக்கு கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் டிசைன் பண்ணி குடுக்குறது என் தொழில். அதனால ஒரே கேள்விய ரெண்டு பக்கத்துலேருந்தும் கேக்குறேன். மில்லு ஓனர் "வாய்க்கால்ல விட்டா காசு இல்ல, பிளான்ட் போட்டா லட்சக்கணக்குல செலவு, நான் எதுக்கு சார் போடணும்"னு கேப்பாரு. கடைமடை விவசாயி "அவர் அரிசி வித்து சம்பாதிக்கிறாரு, நாத்தம் மட்டும் எங்களுக்கா"ன்னு கேப்பாரு. ரெண்டு பேரு சொல்றதும் ஒரே விஷயம்தான். அரிசியோட விலையில நெல்லு, கரண்டு, கூலி எல்லாம் இருக்கு, வாய்க்காலுக்கு ஆன சேதம் மட்டும் இல்ல. இந்த மாதிரி வாங்குறவனும் விக்கிறவனும் குடுக்காம மூணாவது ஆளு தலையில விழுற செலவத்தான் பொருளாதாரத்துல எதிர்மறை புறவிளைவுன்னு சொல்றாங்க. அந்த சேதத்துக்குச் சமமா ஒரு வரி போட்டா மார்க்கெட்டே சரியான இடத்துக்கு நகரும்னு 1920ல ஆர்தர் பிகூன்னு ஒரு இங்கிலாந்து பொருளாதார அறிஞர் சொன்னாரு.

மொதல்ல தண்ணியப் பாப்போம். நெல்ல ஊறவச்சு அவிக்கணும், ஒரு டன் நெல்லுக்கு சுமாரா ஒரு கிலோலிட்டர் (அதாவது 1,000 லிட்டர்) ஊறத்தண்ணி வெளிய வருதுன்னு கணக்குக்கு வச்சுக்குவோம். பச்சத்தண்ணியில ரெண்டு மூணு நாள் போட்டு வச்சா மாவும் சர்க்கரையும் கரைஞ்சு புளிச்சுப் போயி ஒரு மாதிரி நாறும், மஞ்சளாவோ பழுப்பாவோ இருக்கும். இதுல விஷம் எதுவும் இல்ல, ஆனா வாய்க்கால்ல கலந்ததும் பாக்டீரியா இதத் திங்குறதுக்கு தண்ணியில இருக்குற ஆக்சிஜன எல்லாம் இழுத்துரும், மீனு மேல வந்து வாயப் பொளக்கும். எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கும்ங்குறத பி.ஓ.டி.ன்னு அளப்போம், வாய்க்கால், ஆத்துல விடணும்னா லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி. சுத்திகரிக்காத ஊறத்தண்ணில அது ஆயிரம்னு வச்சுக்கிட்டா கணக்கு சுலபம், ஒரு கிலோலிட்டருக்கு ஒரு கிலோ பி.ஓ.டி.

நம்ம நாட்டுல இதுக்கு ஏற்கனவே ஒரு வரி இருந்துச்சு, நெறைய பேருக்குத் தெரியாது. 1977ல கொண்டுவந்த தண்ணீர் செஸ். 2003ல ஏத்தின ரேட்டுப்படி பாத்தாலே எளிதா மக்குற கழிவு வர்ற ஆலைக்கு கிலோலிட்டருக்கு 10 பைசா, விதிய மீறினா 20 பைசா. தினம் 40 டன் ஊறவைக்குற மில்லுக்கு நாளைக்கு 4 ரூபா, மீறினா 8 ரூபா! ஒரு டீ கூட வராது. அதுவும் எடுக்குற தண்ணிக்குத்தான் செஸ், வெளிய விடுற அழுக்குக்கு இல்ல. இத வரின்னு நெனச்சு எவனாவது பிளான்ட் போடுவானா? 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்ப அதையும் எடுத்துட்டாங்க, எடுத்தது யாருக்கும் உறைக்கக்கூட இல்ல.

சரி, ஒழுங்கா போட்டா என்ன ஆகும்? ஒரே வாய்க்கால் ஓரமா ரெண்டு மில்லு, ரெண்டும் தினம் 40 கிலோ பி.ஓ.டி. விடுதுன்னு வச்சுக்குங்க (நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் போட்டது). புது மில்லுல எடம் இருக்கு, ஒரு கிலோவ எடுக்க 8 ரூபா ஆகுது. பழைய மில்லு ஊருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கு, தொட்டி கட்ட எடமில்ல, லாரி வச்சு அள்ளணும், 35 ரூபா ஆகுது. ஒரு கிலோவால கடைமடைக்கு ஆகுற சேதம் 20 ரூபா. இப்ப "ரெண்டு பேரும் பாதி கொறைங்க"ன்னு உத்தரவு போட்டா புது மில்லுக்கு 160, பழசுக்கு 700, மொத்தம் 860 ரூபா செலவுல 40 கிலோ கொறையும். அதுக்கு பதிலா கிலோவுக்கு 20 ரூபா வரின்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டா, புது மில்லு 20 கட்டுறதுக்கு 8 செலவு பண்ணலாம்னு கிட்டத்தட்ட முழுசையும் எடுத்துரும், 320 ரூபா. பழைய மில்லு 35 செலவு பண்றதுக்கு 20 கட்டிட்டுப் போயிரும். கொறஞ்சது அதே 40 கிலோ, செலவு பாதிக்கும் கீழ. எந்த மில்லுல எவ்வளவு செலவாகும்னு அதிகாரிக்குத் தெரியவே வேண்டாம்ங்குறதுதான் இதுல எனக்குப் புடிச்சது, ஏன்னா அத எந்த ஓனரும் உண்மையா சொல்ல மாட்டாரு.

பழசு தப்பிச்சிருச்சேன்னு கோவம் வரும். அது தினம் 800 ரூபா கட்டுது, அது விடுற சேதமும் 800தான், அத நிறுத்த 1,400 ஆகும், அப்ப இந்தக் கணக்குப்படி நிறுத்தாம இருக்குறதுதான் ஊருக்கே லாபம். கசப்பா இருந்தாலும் அதான் கணக்கு.

ஆனா டெல்டாவுல இந்தக் கணக்கு வருஷம் பூரா ஒண்ணா இருக்காது, இங்கதான் சென்னையில உக்காந்து ரேட்டு போட்டா தப்பாயிரும். மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல தெறந்து ஜனவரி 28ல மூடுவாங்க. தண்ணி ஓடுறப்ப விட்ட கழிவு கலந்து போயிரும். சம்பா அறுவடை நெல்லு மில்லுக்கு வந்து குமியுறது எப்போ? தை, மாசியில, சரியா வாய்க்கால் காயுற நேரத்துல! அப்ப வாய்க்கால்ல ஓடுறதே ஊறத்தண்ணி மட்டும்தான், குட்டை குட்டையா தேங்கி மாடு வாய வைக்க மாட்டேங்கும், கொசு, நாத்தம் எல்லாம். அந்த மாசங்கள்ல கிலோவுக்கு சேதம் 60 ரூபான்னு வச்சா வரியும் 60 ஆகணும். அப்ப பழைய மில்லுக்கும் 60 கட்டுறதுக்கு 35 குடுத்து லாரியில அள்ளுறது லாபம், தண்ணி இல்லாத மாசத்துக்கு மட்டும் அள்ளும். வருஷத்துக்கு ஒரே ரேட்டு போட்டா தண்ணி ஓடுறப்ப ரொம்ப கண்டிப்பாவும் காஞ்சப்ப ரொம்ப லூசாவும் போயிரும்.

"அரிசி விலை ஏறிடும்"னு உடனே ஒருத்தர் வருவாரு. ஒரு டன் நெல்லுல சுமாரா 670 கிலோ அரிசி. கிலோ பி.ஓ.டி.க்கு 35 ரூபா செலவு பண்ணினாக்கூட ஒரு கிலோ அரிசிக்கு 5 பைசா சொச்சம்தான் வருது. அதனால இந்தத் தொழில்ல வரி வந்தா அரிசி வாங்குறது கொறையாது, ஊறவைக்குற விதம்தான் மாறும், சுடுதண்ணியில சில மணி நேரத்துல ஊறவச்சு முடிக்கிறதுக்கு மாறுவாங்க, அப்ப புளிக்கவே நேரம் இருக்காது. ஒரு சிக்கல் இருக்கு, அரசுக்கு அரைச்சுக் குடுக்குற மில்லுங்களுக்கு அரவைக் கூலிய அரசே முடிவு பண்ணுது, அவங்க அந்த 5 பைசாவ யாரு மேலயும் ஏத்த முடியாது, அத கூலியில சேக்காம விட்டா பாரம் முழுசும் அவங்க மேலதான்.

மத்த பெரிய தலவலி அளக்குறது. வரிய லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு பாத்து போட்டா ஓனர் போர் தண்ணியக் கலந்து விட்டுருவாரு, நம்பர் எறங்கும், வாய்க்காலுக்குப் போற கிலோ அப்படியே இருக்கும். அதனால ஓட்டத்தையும் அளந்து பெருக்கி கிலோவுக்குத்தான் வரி போடணும். கலப்படத்த கண்டுபிடிக்க எனக்கு லேப் கூட தேவப்படாது, அந்த மாசம் ஊறவச்ச நெல்லு டன் கணக்கையும் வாய்க்கால் பக்கத்து ஃப்ளோ மீட்டரையும் பக்கத்துல வச்சா போதும், டன்னுக்கு ஒரு கிலோலிட்டர் வரவேண்டிய எடத்துல மூணு நாலு காட்டுச்சுன்னா போர் மோட்டாரோட ஈபி பில்ல கேப்பேன். மீட்டர் கம்மியா காட்டுச்சுன்னா இன்னும் மோசம், ராத்திரியில தெறந்து விடுற பைப்பு எங்கயோ தனியா இருக்குன்னு அர்த்தம்.