பணிக்கொடை கடிதம் ஒண்ணு திரும்பி வந்தப்போ நான் பாக்க ஆரம்பிச்ச விஷயங்கள்

ஹட்டன்ல கடிதம், விண்ணப்பம், சத்தியக் கடதாசி இதெல்லாம் டைப் பண்ணிக் கொடுக்கிற வேலைதான் என்னோடது. தோட்டத்துல நாள் சம்பளத்துக்கு வேலை செஞ்சி போன வருஷம் ரிட்டயர் ஆன ஒரு அம்மாவுக்கு, சேவைக் காலத்துக்கு ஒரே தடவையா கொடுக்கிற பணிக்கொடை காசக் கேட்டு ரெண்டு பக்கத்துல ஒரு கடிதம் அடிச்சிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல, மூணு தடவ வாசிச்சேன், ஆனா ஒன்றரை மாசம் கழிச்சி விளக்கம் கேட்டு திரும்பி வந்திருச்சி. பிழையெல்லாம் என்னோடதுதான். அத எடுத்து வச்சிப் பாத்தப்போதான் நான் செஞ்சது வாசிக்கிறது மட்டும்தான், சரி பாக்குறது இல்லன்னு தெரிஞ்சிச்சி.

முதல்ல பிறந்த திகதி. பிறப்புச் சான்றிதழ்ல 1965.05.12ன்னு இருந்திச்சி, நம்ம நாட்டு அரசாங்கப் பத்திரத்துல வருஷம், மாசம், நாள்ங்கிற வரிசைதானே. நான் கடிதத்துல வருஷத்த கடைசிக்கு தள்ளி 05.12.1965ன்னு அடிச்சிட்டேன், மாசத்தையும் நாளையும் திருப்பல. இப்ப அது டிசம்பர் 5 ஆயிருச்சி! வாசிச்சா ஒரு பிழையும் தெரியாது, ஏன்னா அதுவும் ஒழுங்கான திகதிதான்.

இதப் பிடிக்கிறதுக்கு அடையாள அட்டை நம்பரே போதும். பழைய நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூணு இலக்கம் அந்த வருஷத்துல எத்தனாவது நாள்ங்கிறது, பொம்பளைங்களுக்கு அதோட 500 கூட்டி இருக்கும். எந்த வருஷமா இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாள்னு வச்சித்தான் எண்ணணும், இத மறந்தா மார்ச் 1ல இருந்து பொறந்தவங்க எல்லாருக்கும் சாதாரண வருஷத்துல ஒரு நாள் இடிக்கும். அந்தம்மாவுக்கு ஏப்ரல் முடிய 121 நாள், மே 12 வரைக்கும் 133, 500 கூட்டினா 633. அட்டையில 65633ன்னுதான் ஆரம்பிக்குது. நான் அடிச்ச டிசம்பர் 5க்கு 840 வரணும். 12 இலக்க புது நம்பர்லயும் இதே கதைதான், வருஷம் மட்டும் நாலு இலக்கமா முன்னுக்கு நிக்கும். ஒரு நிமிஷ வேலை. ஆனா அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சா நாமளா ஒண்ணத் திருத்தக் கூடாது, எந்தப் பத்திரத்துல என்ன இருக்குன்னு அப்பிடியே எழுதி, வித்தியாசத்த ஒரு வரியில சொல்லிடணும்.

அடுத்தது வருஷக் கணக்கு, இதுலதான் காசு இருக்கு. வேலைக்கு சேந்தது 1997.06.02, கடைசி நாள் 2025.05.11. 2025ல 1997 போனா 28ன்னு கழிச்சி முதல் பக்கத்துல "28 வருட சேவை"ன்னு எழுதிட்டேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடை சட்டப்படி பூர்த்தியான வருஷம்தான் கணக்கு. 28 பூர்த்தியாக 2025.06.01 வரைக்கும் போகணும், மூணு வாரம் குறையுது. அதனால 27தான். நாள் சம்பளக்காரங்களுக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியா வாங்கின நாள் சம்பளம் 1,350 ரூபா, அப்ப ஒரு வருஷத்துக்கு 18,900, 27ஆல பெருக்கினா 510,300. கூத்து என்னன்னா ரெண்டாம் பக்கத்து அட்டவணையில தோட்டத்து கிளார்க் கொடுத்த துண்டப் பாத்து 510,300ன்னு சரியாத்தான் போட்டிருந்தேன். முதல் பக்கத்துல 28, ரெண்டாம் பக்கத்துல 27க்கான காசு, ஒரே கடிதம் தன்னையே மறுத்துக்கிட்டு நிக்குது.

அதனால இப்பல்லாம் ஒரு தொகை ரெண்டு எடத்துல வந்தா ரெண்டையும் கல்குலேட்டர்ல அடியில இருந்து போட்டுப் பாக்குறேன், ஒண்ணப் பாத்து இன்னொண்ண டிக் பண்றதில்ல. எழுத்துல எழுதின தொகையையும் விடக் கூடாது, "ஐந்து இலட்சத்து பத்தாயிரத்து முந்நூறு"ங்கிறத சொல்லிப் பாத்து இலக்கத்தோட ஒத்துப் பாக்கணும், கொமாவும் 510,300ன்னு ஒரே மாதிரி இருக்கணும், சில பேர் இந்தியக்காரங்க மாதிரி 5,10,300ன்னு போட்டிருவாங்க.

பேரு விஷயம் நம்ம மலையகத்துல பெரிய தலைவலி, தனியாவே எழுதலாம். பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, அட்டையில ஒரு மாதிரி, தோட்டத்து செக்ரோல் பதிவுல இன்னொரு மாதிரி. உதாரணத்துக்கு ராமாயின்னு வச்சிக்குவோம், ஒண்ணுல இராமாயி, ஒண்ணுல ராமாய், இங்கிலீஷ்ல எழுதினா இன்னும் ரெண்டு விதம். நான் செய்யிறது இதுதான்: அட்டையில இருக்கிற பேரத்தான் கடிதம் முழுக்க போடுறது, மத்த விதம் எல்லாத்தையும் ஒரே ஒரு எடத்துல "எனவும் அழைக்கப்படும்"னு சேத்துடுறது, சத்தியக் கடதாசி இருந்தா அதுலயும் அதே வரிசை. அப்புறம் பேர சத்தமா வாசிச்சி அவங்க கிட்டயே கேக்குறது. அப்பா பேரோட முதலெழுத்து மாறிப் போனத அந்தம்மாதான் காதால கேட்டுப் பிடிச்சாங்க, நான் கண்ணால பாத்தும் விட்டுட்டேன்.

இதுல இன்னொரு குழி இருக்கு. நாம எல்லாரும் பழைய பைல திறந்து பேர மாத்தி சேவ் பண்றோம், போன ஆளோட பேரு எங்கயாவது ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு Ctrl+F போட்டுத் தேடினா பாமினி எழுத்துருவுல அடிச்ச பழைய பந்தி மாட்டாது, ஏன்னா அதுக்கு அடியில இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, யூனிகோட்ல தேடுற சொல்லு அங்க இல்லவே இல்ல. ஒரே பைல்ல ரெண்டும் கலந்திருந்தா "ஒண்ணும் இல்ல"ன்னு வர்ற பதில நம்பாதீங்க, பிரிண்ட் எடுத்து பேனாவால பாருங்க.

மேற்கோள், இணைப்பு பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. கடிதத்துல "இணைப்பு 4"ன்னு இருக்கும், பின் பண்ணினது மூணு தாளா இருக்கும். அனுப்பப் போற தாள்களக் கையில எடுத்து வச்சிக்கிட்டுத்தான் இணைப்பு நம்பரப் பாக்கணும், ஸ்கிரீன்ல பாத்து வேலையில்ல. சட்டத்துக்கு வருஷம் ஒண்ணு, இலக்கம் ஒண்ணு, ரெண்டும் இடம் மாறினா வேற சட்டமாப் போயிரும்.

கடைசி விஷயம், நாம பாவிக்கிற சொல்லு. நான் முதல் பக்கத்துல பணிக்கொடைன்னு எழுதிட்டு ரெண்டாம் பக்கத்துல ஒரே சொல்லா வருதேன்னு ஓய்வூதியம்னு மாத்திட்டேன், அழகா இருக்கட்டும்னு. ஓய்வூதியம்னா மாசாமாசம் வர்றது, இது ஒரே தடவ கொடுக்கிறது, ரெண்டும் வேற காசு! ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் அதே மாதிரிதான்: முதலாவதுல தொழிலாளி 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம் போடணும், ரெண்டாவதுல தொழில்தருநர் மட்டும் 3 வீதம். வெறுமனே "நிதிப் பணம்"னு எழுதினா எத சொல்றீங்கன்னு கேட்டு கடிதம் திரும்பும். பள்ளிக்கூடத்துல கட்டுரைக்கு சொன்ன மாதிரி சொல்ல மாத்தி மாத்திப் போடுறது இங்க உதவாது, ஒரு பொருளுக்கு ஒரு சொல்லுதான், அலுப்பா இருந்தாலும் பரவாயில்ல.

இப்ப எங்க கடையில முறை இப்பிடி: என் தங்கச்சி மூலப் பத்திரத்த கையில வச்சிக்கிட்டு "ஆறு, அஞ்சு, ஆறு, மூணு, மூணு"ன்னு ஒவ்வொரு இலக்கமா சொல்லுவா, நான் பிரிண்ட்ல பென்சில் வச்சி புள்ளி போட்டுக்கிட்டே வருவேன். ரெண்டு பக்கத்துக்கு இருவது நிமிஷம் ஆகும். அந்தம்மாவோட ரெண்டாவது கடிதத்த அப்பிடித்தான் அனுப்பினோம், 27 வருஷம், மூணு இணைப்பு, ஒரே பேரு.