பிள்ளை சொல்லும் முதல் தொகை

அப்பாவின் கார்டில் கேம் பாஸ் வாங்கிவிட்டேன் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது. உளவளத்துணையாளராக ஹட்டன் பக்கத்தில் வேலை செய்யும் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்தச் சின்னத் தொகைக்கும் உண்மைத் தொகைக்கும் நடுவில்தான் வீட்டில் பெரிய சண்டை வெடிக்கிறது. பிள்ளை மறுபடியும் வாயை மூடிக்கொள்வதும் அப்போதுதான்.

ஒரு குடும்பத்தின் கதையை அவர்களின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையன் தரம் 10, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. அம்மா கொழுந்தெடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். சம்பளம் வங்கிக்கு வரும், கார்டு அம்மாவிடம் இருக்கும். ஏ.டி.எம். இயந்திரம் அம்மாவுக்குப் பழக்கமில்லாததால் காசெடுக்கப் பையனும் கூடவே போவான். அப்பா புதுப் போன் வாங்கியபோது பழைய போனைச் சிம்மோடு வீட்டில் விட்டுவிட்டுப் போனார், பையனின் படிப்புக்கு உதவட்டும் என்று. வங்கியில் பதிந்திருந்த இலக்கம் அந்தப் பழைய சிம்முடையது. ஆகவே கார்டைப் போனில் சேர்க்கும்போது வங்கி அனுப்பிய ஓ.டி.பி. பையனின் கைக்கே வந்தது. காசு கழிந்ததாக வந்த மெசேஜ்களும் அங்கேயே வந்தன. எதையும் உடைத்துத் திறக்க வேண்டிய தேவையே அவனுக்கு இருக்கவில்லை. மலையகத்தில் வெளியூரில் உழைக்கும் தகப்பன்மார் பலருடைய வீட்டில் நிலைமை இதுதான். உங்கள் வீட்டிலும் வங்கி இலக்கம் யார் கையிலிருக்கிற போனில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

கேம் பாஸ் என்றால் என்னவென்று தெரியாத பெற்றோருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். விளையாட்டு இலவசம்தான். ஆனால் ஒரு பருவம் என்று சில வாரங்களை வைத்து, அதற்குள் விளையாட விளையாடப் படி ஏறலாம் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் பரிசு இரண்டு வரிசையாக இருக்கும். ஒரு வரிசை எல்லோருக்கும். மற்றது பூட்டுப் போட்டபடி கண்ணுக்குத் தெரியும், பாஸ் வாங்கியவருக்கு மட்டும் திறக்கும். இந்தப் பையன் மூன்று வாரம் இலவசமாக விளையாடி நாற்பது படிக்கு மேல் ஏறியிருந்தான். அந்த நாற்பது படிகளின் பூட்டிய பரிசுகளும் திரையில் வரிசையாக நின்றன, பருவம் முடிய இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கும் மேலே ஓடியது. பாஸ் வாங்கிய கணமே எல்லாம் ஒன்றாகத் திறக்கும். புதிதாக ஒன்றை வாங்குகிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. “நான் விளையாடிச் சம்பாதிச்சது மிஸ், சும்மா போயிரும்னு இருந்துச்சு” என்றான். காசு செலவழிக்கும் எண்ணமே இல்லாத பிள்ளையும் பருவத்தின் கடைசி நாட்களில் கார்டைத் தேடுவது இதனால்தான்.

முதல் பாஸ் 1,490 ரூபா. அடுத்த பருவத்துக்கு இன்னொன்று. இடையில் விளையாட்டுக்குள் செலவாகும் வைரப் பொதிகள் மூன்று, ஒவ்வொன்றும் 1,990 ரூபா. அதில் ஒன்று நண்பனின் பிறந்தநாளுக்கு அனுப்பிய பரிசு. இதற்கிடையில் 690 ரூபாவுக்கு வாராந்த அங்கத்துவம் ஒன்றையும் எடுத்தான். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தான். அது நிறுத்தும்வரை ஒவ்வொரு வாரமும் தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. தானாகப் புதுப்பிக்கும்போது ஓ.டி.பி. எதுவும் வரவில்லை, காசு கழிந்த மெசேஜ் மட்டும் வந்தது. ஐந்தாவது தடவை காசு போனபோது பயந்து விளையாட்டையே போனிலிருந்து அழித்துவிட்டான். விளையாட்டை அழித்தால் சந்தா நிற்காது. அதன் பிறகும் நான்கு வாரம் காசு போனது. அந்த மெசேஜ்களைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துக்கொண்டிருந்தான்.

சீட்டுக்காசு எடுக்கப் போனபோதுதான் அம்மாவுக்குக் கணக்கு இடித்தது. முன்பு ஒரு தடவை அவசரத்துக்குக் கார்டை வாங்கிப்போய்க் காசெடுத்துக் கொடுத்தவர் சித்தப்பா. பேச்சு அவர் பக்கம் திரும்பியது. அப்பாவும் போனில் “அவன்கிட்ட ஏன் கார்ட குடுத்த” என்று சத்தம் போட்டார். அன்றிரவு சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரம் கழுவும் இடத்தில் வந்து நின்று, “சித்தப்பா எடுக்கலம்மா, நான்தான்” என்றான் பையன். எவ்வளவு என்று அம்மா கேட்டார். 1,500 என்றான்.

அப்பா வங்கிக்குப் பேசி, பத்தாயிரத்துக்கு மேல் குறைகிறது என்று தெரிந்துகொண்டிருந்தார். தெரிந்ததைச் சொல்லாமல் மறுநாள் போனில் “உண்மையச் சொல்லு, எவ்வளவு?” என்று கேட்டார். பையன் மறுபடியும் 1,500 என்றதும் “கள்ளன், பொய்யன்” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். பையன் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. அதன் பிறகுதான் அம்மா என்னிடம் கூட்டிவந்தார்.

அந்த 1,500-ஐ நான் வெறும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, வெட்கமும் பயமும். முதல் தொகையைச் சொல்லிவிட்டுப் பிள்ளை அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அதைத் தாங்கினால்தான் அடுத்ததைச் சொல்லும். மற்றது, முழுத் தொகை அதற்கே தெரியாது. பாஸ் என்று வாங்கியதை ரூபாவாக நினைவு வைத்திருந்தான். வைரங்களை வைரங்களாகத்தான் நினைவு வைத்திருந்தான், சந்தா எத்தனை தடவை புதுப்பித்தது என்பதை எண்ணவே இல்லை. விடை தெரிந்துகொண்டு கேட்கும் கேள்வி இந்த இடத்தில் பிள்ளையை மாட்டிவிடும் பொறியாகிவிடுகிறது. பொய் சொன்னவன் என்ற பெயர் வந்த பிறகு மீதியைச் சொல்லி என்ன பயன் என்று பிள்ளை நினைத்துவிடும்.

அப்பாவிடம் போனில் பேசினேன். வங்கி சொன்ன தொகையை மகனிடம் நேராகச் சொல்லுங்கள், மீதியை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள், வேறு ஒன்றும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம் என்றேன். தண்டனை வேண்டாமா என்று கேட்டார். கணக்கு முழுசாகத் தெரிந்த பிறகு அதைப் பேசுவோம் என்றேன். எதற்கு என்றே தெரியாத தண்டனை எப்படி அளவாக இருக்கும்? அவர் அந்தச் சனிக்கிழமை இரவே பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஞாயிறு காலை அப்பாவும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். போன் மகன் கையில், கொப்பியும் பேனையும் அப்பா கையில். நான் சொல்லிக் கொடுத்த வரிசை இது. முதலில் Play Store-இல் வலப்பக்க மூலையில் இருக்கும் படத்தை அழுத்தி Payments & subscriptions, அதற்குள் Subscriptions. ஓடிக்கொண்டிருந்த சந்தாவை அங்கே Cancel subscription என்று நிறுத்தினார்கள். காசு கசியும் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பிறகு அதே இடத்தில் Budget & history. வாங்கிய ஒவ்வொன்றும் திகதியோடும் தொகையோடும் அங்கே இருக்கும், போன் மெசேஜை அழித்தாலும் இது அழியாது. மகன் வாசிக்க அப்பா எழுதினார். பாஸ் இரண்டு 2,980. பொதி மூன்று 5,970. வாராந்தம் ஒன்பது தடவை 6,210. மொத்தம் 15,160 ரூபா. அம்மாவுக்கு அது ஏறக்குறைய பத்து நாள் பேர்ச் சம்பளம். அம்மா அதை வாய்விட்டுச் சொன்னபோது பையன் அழுதான் என்று அப்பா பிறகு சொன்னார்.

திரும்பக் கேட்பதில் அவசரம் ஒன்று இருக்கிறது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுள் பார்த்துத் திருப்பித் தர வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு பெரும்பாலும் விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். கடைசி 690 வெள்ளிக்கிழமை மாலை கழிந்திருந்ததால் அது மட்டும் திரும்பக் கிடைத்தது. மற்றவை கிடைக்கவில்லை. கோரும்போது குடும்பத்துப் பிள்ளை வாங்கியது என்று உள்ளபடி எழுதுங்கள். சிலர் வங்கிக்குப் போய் யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்று முறைப்பாடு கொடுக்கச் சொல்வார்கள். ஓ.டி.பி. உங்கள் சிம்முக்கு வந்து அங்கேயே பயன்பட்டிருக்கும்போது அந்த முறைப்பாடு நிற்காது. அதைவிட, உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு முன்னால் அப்பா பொய் எழுதுவதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு கார்டைக் கூகுள் கணக்கிலிருந்து அகற்றினார்கள். அந்தப் போனில் இருந்தது அப்பாவின் பெரியவர் கணக்கு என்பதால் பிள்ளைக்கான கட்டுப்பாடு எதுவும் அதில் இருக்கவில்லை. மகனுக்குத் தனிக் கணக்குத் திறந்து, பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் Family Link மூலம் அப்பாவின் போனோடு இணைத்தோம். இப்போது Play Store வழியாக எதை வாங்கக் கேட்டாலும் கொழும்பில் அப்பாவின் திரையில் அனுமதி கேட்கும். வங்கி இலக்கத்தை அப்பா தன் புதிய சிம்முக்கு மாற்றினார். கார்டு மட்டும்தான் வழி என்று இருந்துவிடாதீர்கள். சிம்மின் பெலன்ஸிலிருந்தும் வாங்கலாம், டவுனில் ரிலோட் போடும் சில கடைகளில் கைக்காசுக்கும் வைரம் போட்டுக் கொடுப்பார்கள். Family Link அந்தக் கடையைத் தடுக்காது.

காசைத் திருப்பிக் கட்டுவது பற்றி அப்பாவுக்கு ஒரு யோசனை இருந்தது, லீவுக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கடையில் நிற்க வைப்பது. பையனுக்கு 15 வயது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021-இல் இருந்து 16. அதைச் சொன்னதும் விட்டுவிட்டார். பையனே ஒன்று சொன்னான், இந்தத் தீபாவளிக்கு உடுப்பு வேண்டாம் என்று. அதை ஏற்றுக்கொண்டு, மாதம் 300 ரூபா கைச்செலவில் கழிப்பது, அது தைப்பொங்கலோடு முடிவது என்று எழுதினார்கள். முடிவுத் திகதி வைக்கச் சொன்னது நான். முடிவே இல்லாத கடனைப் பிள்ளைகள் சுமப்பதில்லை, மறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், தான் இருப்பதே பாரம் என்பது போலப் பேசினால் காசுக் கணக்கை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு 1926-க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம்.

சித்தப்பாவின் விஷயம் மிச்சமிருந்தது. பையனைப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்ல அப்பா நினைத்தார். ஆனால் சித்தப்பாவின் பெயரை இழுத்தது பெரியவர்கள். அந்த ஞாயிறு பின்னேரம் அப்பா தானே மேல் லயத்துக்கு நடந்து போனார், மகனும் கூடப் போனான். நான் சொல்லி அவன் போகவில்லை.