கட்டைவிரல் வைக்கும் இடமே ஜாய்ஸ்டிக்கின் நடு: டெட் ஸோனைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

போன் கேமின் திரை ஜாய்ஸ்டிக்கில் "விரலை வைத்தாலே ஆள் ஓடுகிறான்" என்று டெஸ்டர் சொன்னவுடன் டெட் ஸோனை, அதாவது விரல் அசைந்தாலும் நகர்வாக எண்ணாமல் விடும் நடுப்பகுதியை, கூட்டிவிடுவது இங்கே பெங்களூரில் நான் பார்க்கும் பல சின்ன டீம்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது. தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள்.

கோரமங்களாவில் ஒரு டீம், காவலாளி கண்ணில் படாமல் பதுங்கிப் போகும் கேம் ஒன்றைக் காட்டினார்கள். கன்ட்ரோல் எழுதிய சேலத்துத் தம்பி சொன்னது: "மொதல்ல தானா ஓடிச்சுண்ணா, அதான் முப்பது பர்சென்ட் போட்டேன். இப்ப மெதுவா நடக்கவே மாட்டேங்குது." இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ஜாய்ஸ்டிக் இடது கீழ் மூலையில் நிலையாக இருந்தது. ஆடுகிறவர் கண் காவலாளி மேல் இருக்கும், ஜாய்ஸ்டிக் மேல் இருக்காது, அதனால் விரல் நடுவில் விழாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழும், அந்தத் தள்ளலைக் கேம் நகர்வு என்று எடுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்த கேம்பேட் ஸ்டிக் நடுவுக்குத் திரும்பாத பிரச்சினை வேறு, இது வேறு.

இதற்கு மருந்து, விரல் முதலில் தொட்ட இடத்தையே நடுவாக வைத்துக்கொள்வது. அப்படிச் செய்த பிறகு டெட் ஸோனுக்கு ஒரே வேலைதான் மிச்சம்: கட்டைவிரல் சதை திரையில் லேசாக உருளும்போது தொடுபுள்ளி நகர்வதைப் பொறுத்துக்கொள்வது. அதற்கு 8 டிபி, அதாவது சுமார் 1.3 மில்லிமீட்டர், நல்ல தொடக்கம். ஆண்ட்ராய்டே ஒரு தொடுதலை இழுப்பு என்று எண்ணத் தொடங்குவது வழக்கமாக அந்தத் தூரத்தில்தான்.

அந்தக் கேமில் ஆரம் 60 டிபி. முப்பது சதவீதம் என்றால் 18 டிபி. அதைத் தாண்டி 19-ஐத் தொட்டவுடன் ஆள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் குதித்துப் புறப்படுகிறான், காரணம் டெட் ஸோனைக் கழித்த பிறகு மிச்சத் தூரத்தைப் பூஜ்யத்திலிருந்து நீட்டவில்லை. இன்னொன்று, எக்ஸ், ஒய் இரண்டையும் தனித்தனியாக வெட்டியிருந்தார்கள். அப்படி வெட்டினால், முழு நீளம் தள்ளும்போது கூட ஒவ்வொரு அச்சுக்கும் இரு பக்கமும் ஏறக்குறைய 17 டிகிரி வரை நேர்கோட்டில் ஒட்டிக்கொள்ளும். நாலு திசைக்கும் கூட்டினால் 140 டிகிரி, வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். லேசாகச் சாய்ந்து போக நினைத்தால் முடியாது. வட்டமாக வெட்டி, பிறகு நீட்டுங்கள்:

```csharp
float m = v.magnitude;   // v: dp
if (m < dead) return Vector2.zero;
float t = Mathf.Clamp01((m - dead) / (radius - dead));
return v / m * t;
```

dead 8, radius 60 என்றால் 9 டிபியில் வேகம் வெறும் 2 சதவீதம். பதுங்கல் இப்போது நடக்கும். கணக்கைப் பிக்சலில் மட்டும் போடாதீர்கள்: 6.5 இன்ச் போன் இரண்டு எடுங்கள், ஒன்று 1080×2400, இன்னொன்று 720×1600. அதே 150 பிக்சல் ஆரம் முதலாவதில் 9.4 மில்லிமீட்டர், இரண்டாவதில் 14. விலை குறைந்த போன் வைத்திருப்பவர்தான் விரலை அதிகம் நீட்ட வேண்டியிருக்கும். யூனிட்டியில் `Screen.dpi` சில கருவிகளில் பூஜ்யம் தரும், அதற்கு ஒரு மாற்று எண் வைத்துவிடுங்கள்.

அடுத்தது இடம். போனைப் படுக்கைவாக்கில் பிடித்தால் கட்டைவிரல் அடிமூட்டிலிருந்து வில்போல வீசும், பக்கவாட்டில் சுலபமாகப் போகும், மூலைக்குள் இறங்க மட்டும் மடங்கிக்கொள்ள வேண்டும். ஜாய்ஸ்டிக்கை மூலையில் ஒட்டினால் "கீழே" எப்போதும் பலவீனமாக இருக்கும். இடது பாதியில் கீழ் மூன்றில் இரண்டு பங்கு முழுவதையும் தொடுபகுதியாக விட்டுவிடுவேன், ஓரத்தை மட்டும் தவிர்த்து. விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டரில் தொட்டவருக்கு இடப்பக்கம் முழு வேகம் கிடைக்கவே கிடைக்காது, தள்ள இடமில்லை. இங்கே நடுவைத் திரைக்குள் நகர்த்தி வைக்கத் தோன்றும், அது மறுபடி பழைய தொல்லை, விரல் தொட்டவுடனே நடுவிலிருந்து விலகி இருப்பதால் ஆள் இடதுபுறம் ஓடிவிடுவான். நடுவை அங்கேயே விட்டு, அந்தத் தொடுதலுக்கு மட்டும் ஆரத்தைக் குறையுங்கள், அல்லது ஓரப் பட்டையில் தொடங்கும் தொடுதலை ஏற்காதீர்கள். ஆண்ட்ராய்டின் பேக் ஜெஸ்சர் அதே ஓரத்திலிருந்துதான் வருகிறது என்பதால் இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும்.

எது சரியென்று பார்க்க, முதல் தொடுபுள்ளிகளை எல்லாம் பதிவு செய்து திரைமேல் புள்ளியாக வரையுங்கள். கை சின்னதாக உள்ள ஒருவரையும் பெரிய கைக்காரர் ஒருவரையும் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் நின்றுகொண்டு ஆட வையுங்கள், மேசை முன் உட்கார்ந்து ஆடும்போது பிடி வேறு மாதிரி இருக்கும். புள்ளிகள் பட்டையின் ஓரமாகவே குவிந்தால் தொடுபகுதி தப்பான இடத்தில் இருக்கிறது.

அப்புறம், ஆடும்போது போன் கால் வந்து தொடுதல் ரத்தானால் ஆள் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறானா என்று பாருங்கள். விரல் எடுத்ததைக் கவனிக்கும் நிரல் பெரும்பாலும் எல்லாரிடமும் இருக்கும், `TouchPhase.Canceled` மட்டும் விட்டுப்போயிருக்கும். இரண்டிலும் வேகத்தைப் பூஜ்யமாக்கிப் பிடித்துவைத்த விரல் எண்ணையும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த விரலை ஜாய்ஸ்டிக் ஏற்காது.