“பொறுப்பே கிடையாது” என்றால் என்ன அர்த்தம், அண்ணா?

மார்ச் கடைசி வாரம் வந்தால் என் மேஜையில் அப்ரைசல் படிவங்கள் குவிந்துவிடும். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு எச்.ஆர். வேலை. சூப்பர்வைசர்களில் பாதிப்பேர் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்கள். வாட்ஸ்அப்பில் எழுதுவது போல நாலு வரி எழுதிவிட்டு, “கொஞ்சம் பாலிஷ் பண்ணிப் போட்டுடுங்க மேடம்” என்று நகர்ந்துவிடுவார்கள். இந்த வருடம் அப்படிப் பதினொன்று வந்தது. பதினொன்றாவது இது: “ஆள் தங்கம். ஆனா பொறுப்பே கிடையாது. சொன்னா மண்டையில ஏறாது.”

பாலிஷ் என்று அவர் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். “பொறுப்புணர்வை மேம்படுத்திக்கொள்ள வேண்டும். வழிகாட்டுதல்களை உள்வாங்குவதில் கவனம் தேவை.” படிக்க மரியாதையாக இருக்கிறது, இல்லையா? இது அதே திட்டுதான், இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருக்கிறது, அவ்வளவே. முதல் வரியைப் படித்தவனுக்குக் கோபமாவது வரும். இரண்டாவதைப் படித்தவனுக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. கடுமையைக் குறைப்பதுதான் திருத்தம் என்ற இந்த நினைப்போடுதான் வருடா வருடம் மல்லுக்கட்டுகிறேன். சொல்லை மாற்றினால் போதாது. அந்தச் சொல்லுக்கு அடியில் நடந்த சம்பவத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். அது என்னிடம் இல்லை, எழுதியவரிடம் இருக்கிறது. அதனால்தான் நான் பாலிஷ் போடுவதில்லை, கூப்பிட்டு உட்காரவைக்கிறேன்.

“பொறுப்பில்லைன்னா என்ன பண்ணினான், அண்ணா?”

“ஷிப்ட் ரிஜிஸ்டர் எழுத மாட்டான் மேடம்.”

“எத்தனை நாள்?”

பதிவேட்டை எடுத்து வந்து இருவரும் புரட்டினோம். ஜனவரி, பிப்ரவரியில் அந்தத் தம்பிக்கு 24 இரவு ஷிப்ட். காலியாக இருந்தது 3 நாள். அதில் ஒரு நாள் நான்காம் மெஷினில் பாகத்தின் ஓரத்தில் பிசிர் வந்திருக்கிறது. அவன் கவனித்திருக்கிறான், எழுதாமல் போய்விட்டான். காலை ஷிப்ட் 40 நிமிடம் அப்படியே ஓட்டி, 160 பாகங்களைக் கழித்தது. மாற்று ஆள் வருவதோ ஆறு ஐந்துக்கு, அவன் பிடிக்க வேண்டிய சித்தூர் பஸ் ஆறு பத்துக்கு. மற்ற 21 நாளும் ஒழுங்காக எழுதியிருக்கிறான். “பொறுப்பே கிடையாது” எங்கே போயிற்று?

“ரிஜிஸ்டரைப் பத்தி அவன்கிட்டச் சொன்னீங்களா?”

“ரிஜெக்ட் வந்தப்போ கத்தினேன்.” பதிவேட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு எது மண்டையில் ஏறும்?

கடைசியில் படிவத்தில் போனது இதுதான்:

“ஜனவரி, பிப்ரவரியின் 24 இரவு ஷிப்டுகளில் 3 நாட்கள் ஒப்படைப்புப் பதிவேடு எழுதப்படவில்லை. அதில் ஒரு நாள் நான்காம் மெஷினின் பிசிர் காலை ஷிப்டுக்குத் தெரியாததால் 160 பாகங்கள் வீணாயின. இனி 5:45-க்குள் பதிவேட்டை முடித்து, மாற்று ஆளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஜூன் முடிய வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் சரிபார்ப்பார்.”

இதில் ஒரு வார்த்தைகூட மென்மையாக இல்லை, கவனியுங்கள். ஆனால் அவமானமும் இல்லை. “ஆள் தங்கம்” என்பதையும் விடவில்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அச்சு மாற்றக் கற்றுக்கொடுத்தவன் அவன். அதையும் எழுத வைத்தேன். பாராட்டுக்கும் சம்பவம் வேண்டும்.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பெயரை அழித்துவிட்டு அந்த வரியைப் பக்கத்து ஆளின் படிவத்தில் ஒட்டிப் பாருங்கள். பொருந்தினால் வேலை இன்னும் முடியவில்லை.

அப்புறம், காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். “வீட்டுப் பிரச்சினை போல”, “குடிக்கிறான்னு கேள்வி”, “மடியன்” (இது மலையாளம் கலந்த நம் ஊர்ச் சோம்பேறி), எதுவும் வேண்டாம். ஒருத்தி மகப்பேறு விடுப்பில் போனதை “தொடர்ச்சி இல்லை” என்று எழுதியவரை நான் சும்மா விடவில்லை. திருட்டு, அடிதடி மாதிரி விஷயத்தை நாசூக்கான வரியாக்கி இங்கே ஒளிக்கவும் கூடாது. அதற்கு விளக்கம் கேட்கும் கடிதம் என்று தனி வழி இருக்கிறது.

முக்கியமாக, ஆள் முதல் தடவையாகப் படிவத்தில்தான் குறையைப் பார்க்கிறான் என்ற நிலை வரவே கூடாது. அரசு ஊழியரின் ரகசிய அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மறைக்கப்பட்டது திட்டுகூட இல்லை, “நன்று” என்ற மதிப்பீடு. பதவி உயர்வுக்கு “மிக நன்று” வேண்டியிருந்தது. தனியார் நிறுவனத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, சரி. அதற்காக நாம் ஒளித்துவைக்க வேண்டுமா என்ன?

மீதிப் பத்துப் படிவங்களும் திரும்பி வருகின்றன, அண்ணன்மார்களே. வெள்ளிக்கிழமைக்குள் பதிவேட்டோடும் தேதியோடும் வாருங்கள். டீ என் கணக்கு.