ஒரு 'ஆ' எங்கே உட்காரும்?

ஒரு வாசகி தன் மகளின் தமிழ்ப் பயிற்சித்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "மாலா நேற்று நூலகத்திற்குச் சென்றாள்" என்பதை வினாவாக மாற்ற வேண்டும். மகள் எழுதியது, "மாலா நேற்றா நூலகத்திற்குச் சென்றாள்?" விடைக்குறிப்பில் இருப்பது "சென்றாளா?" மட்டும். மகள் எழுதியது தவறா என்று கேட்கிறார்.

தவறே இல்லை. ஆனால் அது வேறு கேள்வி.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குத் தமிழில் சொற்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் போதும். அந்த 'ஆ' வினைச்சொல்லில்தான் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எதைப் பற்றிச் சந்தேகமோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். "சென்றாளா?" என்றால் போனாளா இல்லையா என்பதே தெரியவில்லை. "நேற்றா?" என்றால் போனது தெரியும், நாள்தான் சந்தேகம். அதற்கு "இல்லை, முந்தாநாள்" என்று பதில் வரும். "மாலாவா?" என்றால் "இல்லை, கவிதா". "நூலகத்திற்கா?" என்றால் "இல்லை, கடைக்கு". ஒரே வாக்கியத்தில் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பயிற்சித்தாள் ஒன்றை மட்டும் எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம் என்பேன்.

இந்த 'ஆ' ஒட்டும் விதத்தையும் பாருங்கள். நேற்று என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம் என்பதால் ஓடிவிடுகிறது, நேற்றா ஆகிறது. 'பசு'வின் உகரம் முற்றியலுகரம், அது ஓடாது. நடுவில் வகரம் வந்து பசுவா ஆகும். மாலா என்ற பெயரோடும் வகரம்தான், ஆனால் தம்பி என்றால் யகரம் வந்து தம்பியா. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: "நூலகத்திற்குச் சென்றாள்" என்பதில் இருந்த ச் என்ன ஆனது? "நூலகத்திற்கா சென்றாள்?" என்று எழுதும்போது காணவில்லை. வினா ஆகாரத்துக்குப் பின் வல்லினம் மிகாது. பிள்ளைகள் பழக்கத்தில் "நூலகத்திற்காச் சென்றாள்?" என்று எழுதிவிடுவார்கள், திருத்துபவர்களும் சில நேரம் கவனிப்பதில்லை.

சரி, அடுத்தது யார், எப்போது, எங்கே. இவையும் பதிலின் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். "மாலா எப்போது நூலகத்திற்குச் சென்றாள்?" ஏற்கெனவே வினாச்சொல் இருப்பதால் 'ஆ' தேவையில்லை. "மாலா எப்போது சென்றாளா?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வேற்றுமை உருபைப் பார்த்து இயந்திரம்போல மாற்றினால் மாட்டிக்கொள்வோம். மாலாவுக்கு என்பது யாருக்கு, புத்தகத்தை என்பது எதை. அந்தக் கணக்கில் நூலகத்திற்கு என்பதை 'எதற்கு' என்று மாற்றினால், "எதற்குச் சென்றாள்?" காரணம் கேட்பதாகிவிடும். இடத்துக்கு 'எங்கே'தான்.

வினாச்சொல்லாக 'யார்' வந்தால் வினைமுற்றும் மாறும். போனது மாலாதான் என்று தெரியாததால் 'ஆள்' விகுதிக்கு ஆதாரம் இல்லை. "யார் சென்றாள்?" காதில் உறுத்தும், "யார் சென்றார்?" என்பதே சரி. பேச்சில் "யாரு போனது?" என்று கேட்கிறோமே, அதிலும் இதே நியாயம்தான். ஆணா பெண்ணா என்று சொல்லாமல் 'அது' என்று முடித்துவிடுகிறோம்.

கட்டளை வாக்கியத்தில் சேர்ப்பதைவிடக் கழிப்பதே அதிகம். சென்றாள் என்பதில் காலமும் விகுதியும் உதிர்ந்து, 'செல்' என்ற பகுதி மட்டும் நிற்கும். மரியாதைக்கு 'செல்லுங்கள்', தடுப்பதற்கு 'செல்லாதே'. மாலா எழுவாயாக இருந்தவள், இப்போது அழைக்கப்படுகிறாள்: "மாலா, நூலகத்திற்குச் செல்." 'நேற்று' கட்டாயம் வெளியே போக வேண்டும், நடந்து முடிந்ததை ஏவ முடியாதே. பல தாள்களில் விடைக்குறிப்பே "நேற்று செல்" என்று விட்டுவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பகுதியைக் கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். நின்றான் என்பதற்கு 'நில்', கேட்டான் என்பதற்கு 'கேள்', வந்தான் என்பதற்கு 'வா'. இறந்தகாலத்தைப் பார்த்து ஊகிக்கவே முடியாது. எதிர்மறையில் வா என்பது 'வராதே' என்றும், தா என்பது 'தராதே' என்றும் மாறும். 'வாவாதே' என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவானது அல்ல, விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. அதற்குத் தெரியாதது, இந்த இரண்டு வினைகளுக்கும் 'வரு', 'தரு' என்று இன்னொரு முகம் உண்டு என்பதுதான்.

கடைசியாக, எல்லா வாக்கியத்தையும் கட்டளையாக்க முடியாது. "மாலாவுக்குப் பசித்தது" என்பதை வினாவாக்கலாம், "மாலாவுக்குப் பசித்ததா?" என்று. கட்டளையாக்க வழியில்லை. பசி மாலாவின் கையில் இல்லை. வாக்கியத்திலும் அவள் எழுவாயாக இல்லாமல் 'கு' உருபோடு ஓரமாக நிற்கிறாள். அப்படிப்பட்ட வாக்கியம் பயிற்சியில் வந்தால், கோடிட்ட இடத்தைக் காலியாக விட்ட பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.