ஃபால்ட் விலகிய பிறகும் ஜெனரேட்டர் ஏன் கைவிட்டுப் போகிறது?

எண்ணூர்ப் பக்கம் பனி இறங்கும் தை மாத விடியற்காலைகளில் எங்களுக்குத் தூக்கம் குறைவு. கடல் உப்பும் சாம்பல் தூசும் படிந்த இன்சுலேட்டர் ஈரமானால் ஃபால்ட் வரும். ரிலே உடனே பார்த்துவிடும், பிரேக்கரும் திறந்துவிடும். "அதான் விலகிடுச்சே சார்" என்பார்கள் புதிதாக வரும் பிள்ளைகள். எத்தனை மில்லிசெகண்டில் விலகியது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டு லைன் வழியாக கிரிட்டுக்குக் கொடுக்கும் ஒரு யூனிட், முழு லோடில் ஓடுகிறது. அதன் உச்சத் திறன் லோடைப் போல 2 மடங்கு என்றால், ரோட்டர் கோணம், அதாவது கிரிட்டைவிட ரோட்டர் முந்தி நிற்கும் கோணம், 30 டிகிரி. ஸ்விட்ச்யார்டு பக்கத்திலேயே மூன்று ஃபேஸும் சேர்ந்து ஃபால்ட் ஆனால் வெளியே போகும் பவர் ஏறத்தாழ பூஜ்யம். டர்பைனோ தள்ளிக்கொண்டே இருக்கும். ரோட்டர் வேகமெடுக்கும், கோணம் ஏறும்.

பவர்-கோண வரைபடத்தில் இந்த நேரத்தில் சேர்ந்த மிகை ஆற்றல் ஒரு பரப்பு. ஃபால்ட் விலகியதும் வெளியே போகும் பவர் டர்பைன் தருவதைவிட அதிகமாகி ரோட்டரை இழுத்துப் பிடிக்கும். அது இன்னொரு பரப்பு. இரண்டும் சமமாகும் இடத்தில் ரோட்டர் நின்று திரும்பும். சமமாக இடமே இல்லாவிட்டால் ஒத்திசைவு போய்விடும்.

ஒரு லைன் போனதால் உச்சத் திறன் 1.5 மடங்காகக் குறைகிறது என்று வைத்தால், பிடிக்கும் பரப்பும் சுருங்கும். இரண்டு பரப்பையும் சமன் செய்தால், ஃபால்ட் விலகியாக வேண்டிய எல்லைக் கோணம் சுமார் 59 டிகிரி. நிலைம மாறிலி H 4 நொடி என்றால், அந்தக் கோணத்தை எட்ட ஆவது சுமார் 160 மில்லிசெகண்ட்:

`t = √( 2H(δc − δ0) / (π f Pm) )`

δ0 தொடக்கக் கோணம், δc எல்லைக் கோணம், f கிரிட்டின் 50 ஹெர்ட்ஸ், Pm டர்பைன் தரும் பவர், முழு லோடுக்கு 1. கோணங்களை ரேடியனில் போடுங்கள். ஃபால்ட்டின்போது பவர் பூஜ்யம் என்றால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். இல்லாவிட்டால் படிப்படியாகக் கணக்கிட வேண்டும்.

நம் நாட்டில் 400 கேவி ஃபால்ட் 100 மில்லிசெகண்டுக்குள் விலக வேண்டும் என்பது விதி. அப்படி விலகினால் ரோட்டர் 41 டிகிரியில் இருக்கும், சுமார் 81 வரை ஆடித் திரும்பும். பிரேக்கர் திறக்க மறுத்தால்? ரிலே 30, பிரேக்கர் ஃபெயிலியர் டைமர் 200, பக்கத்து பிரேக்கர்கள் 40. மொத்தம் 270 மில்லிசெகண்டில் கோணம் 110-ஐத் தாண்டிவிடும். அப்புறம் ஃபால்ட் விலகியும் பயனில்லை. ரோட்டர் வழுக்கி, வோல்டேஜும் கரண்டும் ஏறி இறங்குவதை ரெக்கார்டர் பதிவில் பார்க்கலாம்.

லோடை 80 சதவீதமாக்கினால் எல்லை சுமார் 230-க்கு நீளும். நல்ல ஆதாயம்தான், ஆனால் 270-க்குப் போதாது. டைமரை 150 ஆக்கினால் மொத்தம் 220, தப்பலாம். அதற்கு முன் பிரேக்கர் திறக்கும் நேரத்தையும், கரண்ட் நின்றதை ரிலே உணரும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். டைமர் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இல்லாவிட்டால், நல்ல பிரேக்கர் திறந்துகொண்டிருக்கும்போதே முழு பஸ்ஸும் விழும்.

இது ஒற்றை யூனிட்டை வலுவான கிரிட்டோடு வைத்துப் பார்க்கும் முதல் ஆட்டக் கணக்கு மட்டுமே. பல யூனிட்டுகள் சேர்ந்து ஆடினால் கணினி ஆய்வு வேண்டும். ஆனாலும் பிரேக்கர் டைமிங் டெஸ்ட்டில் 40 வர வேண்டிய இடத்தில் 60 வந்தால், "பரவாயில்லை" என்று கையெழுத்துப் போடாமல் அந்த 20-ஐ இந்த எல்லையோடு வைத்துப் பாருங்கள்.