'பணம் வர பின் நம்பர் வேண்டாம்': யுபிஐ எச்சரிக்கை வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

ரேஷன் கடைச் சுவரிலோ ஊராட்சி அலுவலகப் பலகையிலோ எழுதும் வாசகத்தைப் படித்ததும், கையில் இருக்கும் போனில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும். 'ஜாக்கிரதை! உங்கள் கணக்கு காலியாகும்!' என்று எழுதினால் பயம் மட்டும்தான் மிஞ்சும். மோசடிக்காரர்களும் அந்தப் பயத்தை வைத்துத்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

யுபிஐயின் அடிப்படை விதி ஒன்றுதான்: பணம் நம் கணக்குக்கு வர, நாம் ரகசிய பின் எண்ணைப் போடவே தேவையில்லை. கியூஆர் ஸ்கேன் செய்வதும் பணம் கொடுக்கத்தான். இதை வாசகமாக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. 'பின் போட்டால் பணம் போகும்' என்று எழுதினால், இருப்பு பார்க்கவும் பின் கேட்கிறதே என்ற குழப்பம் வரும். 'பணம் வர பின் வேண்டாம். கேட்டால் போனை வை' என்று எழுதினால் எங்கும் தவறாது.

பழைய ஃபிரிட்ஜை 4,500 ரூபாய்க்கு விற்க ஒருவர் இணையத்தில் விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவதாகச் சொல்பவர் பேரம் பேசாமல், "முழுப் பணத்தையும் இப்பவே அனுப்புறேன் சார், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்கிறார். ஸ்கேன் செய்ததும் திரையில் அந்த ஆளின் பெயரும் 4,500 என்ற தொகையும் வரும். அடுத்து பின் கேட்கும். அனுப்புகிறவர் தன் போனில் போட வேண்டிய பின், விற்பவரிடம் கேட்கப்படுகிறது. பேச்சை நிறுத்தாமல் "சீக்கிரம், சீக்கிரம்" என்பது அந்தத் திரையைப் படிக்கவிடாமல் இருக்கத்தான். அதனால் இரண்டாவது வாசகம்: 'பெயரைப் படி, தொகையைப் படி, பிறகு பின்'.

பணம் போய்விட்டால்? 'போனதா? உடனே 1930'. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். தகவல் போனதும், பணம் சென்ற கணக்கில் அதை நிறுத்திவைக்க வங்கிக்குக் கோரிக்கை செல்லும். அதற்குள் எடுத்துவிட்டால் மீட்பது கடினம். அதனால்தான் வாசகத்தில் 'உடனே'. பேசும்போது தொகை, நேரம், அந்தப் பரிவர்த்தனைக்குச் செயலியில் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண், எதிராளியின் யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்கட்டும். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

வங்கிக்கும் அன்றே சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியிலிருந்து நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு நம் தலையில் விழாது. நாமே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இடம் ஒரு வரிக்குத்தான் இருக்கிறது என்றால், முதல் வாசகத்தை எழுதி, அதன் கீழ் 1930ஐப் பெரிதாகப் போடுங்கள்.